வரவும் செலவும்: டாலரை வைத்திருப்பதா, உடனே மாற்றுவதா?

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பரின் மகள் கையில் ஒரு மடிக்கணினியும் முகத்தில் ஒரு கவலையும் ஏந்தி வந்தாள். அவள் எந்த நிறுவனத்திலும் சம்பளத்திற்கு இல்லை. வீட்டிலிருந்தபடியே பாஸ்டன் நகரத்துப் பதிப்பகம் ஒன்றிற்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துத் தருகிறாள். அவர்கள் ஒவ்வொரு திங்களும் பன்னிரண்டாம் நாளை ஒட்டி 3,000 டாலர் அனுப்புகிறார்கள். படங்களை வரைந்து உதவுவதற்காக மணிலாவில் ஓர் ஓவியரை அமர்த்தியிருக்கிறாள். அவருக்கு அவள் திங்கள்தோறும் 600 டாலர் தரவேண்டும்.

“மாமா, இலண்டனில் இருக்கிற என் கணவரின் தமையனார் டாலரை ரூபாயாக்காதே, டாலராகவே வைத்துக்கொள், ரூபாய் இறங்கிக்கொண்டே போகிறது என்று சொன்னார். நானும் வங்கியில் டாலர் கணக்கு ஒன்று திறந்து இரண்டு மாதமாக வைத்திருக்கிறேன். இப்போது வங்கியிலிருந்து முப்பத்தொன்றாம் தேதிக்குள் மாற்றவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இது என்ன கட்டாயம்?” என்றாள்.

நான் முப்பது ஆண்டுகள் வங்கியில் நாணயமாற்றுப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன். ஆகவே இவ்வகைக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்வது இயல்பே. நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று இத்தகைய தனித்தொழில் செய்யும் பிள்ளைகள் பெருகிவருவதால், அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதலாம் என்று எண்ணினேன்.

அவள் திறந்திருந்த கணக்கிற்கு வங்கிகளில் இ.இ.எஃப்.சி. கணக்கு என்று பெயர். அந்நியச் செலாவணி ஈட்டுவோர் தம் வரவை அந்நிய நாணயமாகவே வைத்துக்கொள்வதற்கென்று ஏற்பட்ட கணக்கு அது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள், அவ்வாறு அன்று. தனி மனிதர் தம் தொழிலறிவால் பெறும் ஆலோசனைக் கட்டணமும் விரிவுரைக் கட்டணமும்கூட அதில் சேரலாம். வந்த தொகை முழுவதையும் அதில் இடலாம். ஆனால் அது நடப்புக் கணக்கு. அதில் கிடக்கும் டாலருக்கு வட்டி கிடையாது. டாலருக்கு ஒன்று, யூரோவிற்கு ஒன்று என்று நாணயந்தோறும் தனித்தனியே திறக்கவேண்டும்.

இனி அந்தக் கட்டாயத்தைப் பற்றிக் கூறுகிறேன். ஒரு திங்களில் கணக்கிற்குள் வந்த தொகையை, அடுத்த திங்களின் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும். இடையில் வெளிநாட்டிற்கு முறையாகச் செலுத்திய தொகையையும், முன்பேரமாக ஒப்புக்கொண்ட கடமைகளுக்கு வேண்டிய தொகையையும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்திற்கே இந்த விதி. சூன் 12-இல் வந்த டாலருக்குச் சூலை 31 எல்லை. ஆக 49 நாள். சூன் 30-இல் வந்திருந்தாலும் எல்லை அதே சூலை 31 தான். அதற்கு 31 நாளே கிடைக்கும். திங்களின் தொடக்கத்தில் வரும் பணத்திற்கு ஆயுள் கூடுதல், இறுதியில் வரும் பணத்திற்குக் குறைவு என்பது இதனால் விளங்கும்.

இந்த விதி 2012-ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டு ரூபாயின் மதிப்பு சரிந்தபோது, மே மாதத்தில் ரிசர்வ் வங்கி இக்கணக்குகளில் இருந்த இருப்பில் பாதியை ரூபாயாக்கச் சொல்லி ஆணையிட்டது. சூலை இறுதியில் முழுத்தொகையையும் இடலாம் என்ற பழைய உரிமையைத் திருப்பித் தந்தது. ஆனால் அடுத்த திங்களின் இறுதிக்குள் மாற்றவேண்டும் என்ற எல்லையையும் உடன் வைத்தது. ரூபாய் சரியும் காலத்தில் மக்கள் டாலரைப் பதுக்கிக்கொண்டால் சரிவு மேலும் விரையும் என்பதே அதன் கருத்து. இலண்டனில் வாழும் தமையனார் தம் பவுனையும் டாலரையும் ஆண்டுக்கணக்கில் ஒரே கணக்கில் வைத்திருக்கலாம். இங்கே வாழ்ந்து இங்கே தொழில் செய்பவருக்கு அந்த வழக்கம் பொருந்தாது. அவர் நல்லெண்ணத்தோடு சொன்னார், ஐயமில்லை. தம் ஊர் விதியைச் சொன்னார்.

“அப்படியானால் இந்தக் கணக்கே வீண் அல்லவா, மாமா?” என்று அவள் கேட்டாள்.

வீண் அன்று. அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பயன் எங்கே என்று காட்டத்தான் அவளுடைய 600 டாலரை எடுத்துக்கொண்டேன்.

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, சந்தையில் டாலரின் நடுவிலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலை நமக்குக் கிடைக்காது. நம் டாலரை வங்கி 89 ரூபாய் 20 காசுக்கு வாங்கும். நாம் டாலர் வேண்டும் என்று போய் நின்றால் 90 ரூபாய் 80 காசுக்கு விற்கும். இடைவெளி 1 ரூபாய் 60 காசு. அவள் கணக்குத் திறப்பதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தாள்? 3,000 டாலரும் வந்தவுடன் ரூபாயாகும். பத்து நாள் கழித்து அந்த ரூபாயைக் கொண்டு 600 டாலர் வாங்கி மணிலாவிற்கு அனுப்புவாள். அதாவது தன் சொந்த டாலரையே மலிவாக விற்றுவிட்டு விலை கொடுத்துத் திரும்ப வாங்கினாள். அந்த 600 டாலரின்மேல் இடைவெளியால் மட்டும் இழந்தது 960 ரூபாய்.

அதோடு நிற்கவில்லை. நாணயத்தை மாற்றும்போதெல்லாம் சரக்கு சேவை வரி உண்டு. பலர் வங்கிச் சீட்டில் அதைக் காண்பதே இல்லை. மாற்றும் தொகை ஒரு இலட்சம் ரூபாய் வரையில், அதில் நூற்றுக்கு ஒன்று சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும்; அது 250 ரூபாய்க்குக் குறையாது. ஒரு இலட்சத்திற்கு மேல் பத்து இலட்சம் வரையில் 1,000 ரூபாயும், ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு அரையும் சேவையின் மதிப்பு. அம்மதிப்பின்மேல் நூற்றுக்கு 18 வரி. 600 டாலர் வாங்கச் செலவிட்ட 54,480 ரூபாய்க்கு வரி ஏறத்தாழ 98 ரூபாய். முன்பு தேவையில்லாமல் அந்த 600 டாலரையும் ரூபாயாக்கியதற்கு அவள் கட்டிய கூடுதல் வரி 48 ரூபாய். எல்லாம் கூட்டினால் திங்களுக்கு 1,106 ரூபாய். ஆண்டுக்குப் பதின்மூன்று ஆயிரத்திற்கு மேல். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் நிச்சயமாகப் போய்க்கொண்டிருந்த பணம் இது. டாலர் கணக்கிலிருந்து டாலராகவே மணிலாவிற்கு அனுப்பினால் இந்த இழப்பு முழுவதும் நின்றுவிடும். அனுப்பும் கட்டணம் மட்டும் எவ்வழியிலும் உண்டு.

அவ்வாறு அனுப்பும்போது ஓவியரின் பட்டியும் ஏ-2 என்னும் படிவமும் வங்கிக்குத் தரவேண்டும். வெளிநாட்டவருக்குத் தரும் ஊதியத்தின்மேல் வரிப்பிடித்தம் உண்டா, வெளிநாட்டுச் சேவையைப் பெற்றதற்கு நாமே சேவை வரி செலுத்த வேண்டுமா என்பவற்றைத் தணிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நன்று. டாலர் கணக்கு இருப்பதனால் இவை நீங்குவதில்லை. ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: ஒருமுறை ரூபாயாக எடுத்துவிட்டால், அதை மீண்டும் டாலராக்கி அக்கணக்கில் இட இயலாது. ஆகவே மணிலாவிற்குரிய பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைத் தொடவேண்டும்.

மென்பொருள்களுக்காக அவள் திங்கள்தோறும் செலுத்தும் சிறு சந்தாக்களையும் இப்படியே செய்யலாமா என்று கேட்டாள். அவை அட்டையின் வழியாகக் கழிக்கப்படுபவை. டாலர் கணக்கோடு இணைந்த அட்டையை எல்லா வங்கியும் தருவதில்லை. இருபது டாலர் சந்தாவைத் தந்திமாற்றாக அனுப்பினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முடியும். அதை விட்டுவிடச் சொன்னேன்.

இனி மீதி 2,400 டாலர். இங்கேதான் அவள் தவறியிருந்தாள்.

சூன் திங்களில் 2,400, சூலையில் 2,400, ஆக 4,800 டாலர் அசையாமல் கிடந்தது. டாலர் இன்னும் இரண்டு ரூபாய் ஏறட்டும் என்று காத்திருந்தாளாம். வீட்டுக் கடன் தவணையை எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, கையிருந்த ரூபாயெல்லாம் அதற்குப் போயிற்று என்றும், கடன் அட்டையில் 1,50,000 ரூபாய் நிலுவை ஏறிவிட்டது என்றும், அதற்குக் குறைந்த அளவுத் தொகையை மட்டும் கட்டியதாகவும் சொன்னாள். அட்டைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வட்டி திங்களுக்கு நூற்றுக்கு மூன்றரை. ஒன்றரை இலட்சத்திற்கு ஒரு திங்கள் வட்டி 5,250 ரூபாய். அவ்வட்டியின்மேல் சேவை வரி 945 ரூபாய். ஆக 6,195.

அந்த நிலுவையைத் தீர்க்க 1,682 டாலரை மாற்றியிருந்தால் போதும். 6,195 ரூபாயை 1,682-ஆல் வகுத்தால் 3 ரூபாய் 68 காசு வருகிறது. அதாவது, காத்திருந்ததில் நட்டமில்லை என்று சொல்லவே, ஒரே திங்களில் டாலர் 3 ரூபாய் 68 காசு ஏறவேண்டும். அவள் எதிர்பார்த்ததோ இரண்டு ரூபாய். எதிர்பார்த்தது நடந்திருந்தாலும் அவளுக்கு நட்டமே. இதை அவள் தானே கணக்கிட்டுப் பார்த்தபோது சிறிது நேரம் பேசவில்லை.

கடன் இல்லாதவருக்குக் கணக்கு இவ்வளவு கடுமையாக இராது; ஆனாலும் உண்டு. 2,400 டாலருக்கு உரிய 2,14,080 ரூபாயை நூற்றுக்கு ஆறு வட்டி தரும் வைப்பில் 45 நாள் இட்டிருந்தால் ஏறத்தாழ 1,584 ரூபாய் கிடைத்திருக்கும். டாலர் ஒன்றுக்கு 66 காசு. வட்டியில்லாத கணக்கில் கிடக்கும் டாலர், நாற்பத்தைந்து நாளில் 66 காசு ஏறினால்தான் வைப்பிலிட்ட ரூபாயோடு சமமாக நிற்கும். அதற்கு மேல் ஏறுவதே ஆதாயம். “ரூபாய் நெடுநாளாக இறங்கித்தானே வருகிறது?” என்பார்கள். உண்மை. ஆனால் அந்த நெடுநாள் நமக்கு இல்லை. விதி தருவது இரண்டு மாதத்திற்கும் உட்பட்ட காலம். அந்தக் குறுகிய காலத்தில் டாலர் எப்பக்கமும் போகலாம். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று டாலர் 68 ரூபாயையும் தாண்டியது. எழுபதைத் தொடட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர். என் மேசைக்கு எதிரே அமர்ந்தே சிலர் அப்படிச் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் அது 62 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் நான் அறிவுரை கூறவில்லை. கூறியிருந்தாலும், எனக்கும் அன்று விடை தெரிந்திராது.

“அப்படியென்றால் மாற்றும் நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?” என்றாள்.

நாளைத் தேர்வதில் காட்டும் கவலையில் பாதியை விலையில் காட்டினால் போதும் என்று சொன்னேன். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் வங்கிக்குள் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் வங்கி ஒரு விலைப்பட்டியலை வெளியிடும். நாள் முழுவதும் சந்தை ஏறி இறங்கினாலும் தான் நட்டப்படாதபடி, அந்தப் பட்டியலில் வங்கி தாராளமான இடைவெளி வைத்திருக்கும். கேளாதவருக்கெல்லாம் அந்த விலையே. கேட்பவருக்குச் சந்தை விலையை ஒட்டி வேறு விலை உண்டு. கிளையில் உள்ள அலுவலர் நாணயமாற்றுப் பிரிவோடு தொலைபேசியில் பேசி அந்த நேரத்து விலையை வாங்கித் தருவார். இருபதாயிரம் டாலர் இருந்தால்தான் கேட்கலாம் என்பதில்லை; இரண்டாயிரத்திற்கும் கேட்கலாம், சில இடங்களில் மறுப்பார்கள். மறுத்தால் மற்றொரு வங்கியிடம் கேட்கலாம்.

நாம் பெற்ற விலை நல்லதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. எஃப்.பி.ஐ.எல். என்னும் அமைப்பு வேலைநாள்தோறும் பிற்பகலில் டாலரின் குறிப்பு விலையை வெளியிடுகிறது. 2018 வரையில் அதை ரிசர்வ் வங்கியே வெளியிட்டு வந்தது. வரவு வைத்த ரூபாயை மாற்றிய டாலரால் வகுத்து, அந்நாளைய குறிப்பு விலையிலிருந்து கழித்தால், வங்கி எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். சந்தை அந்த ஒரு நாளுக்குள்ளும் அசையும் என்பதால் பத்து, பதினைந்து காசு வேறுபாட்டிற்குச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. எண்பது காசு என்றால் கேட்கத்தான் வேண்டும். வங்கி தரும் வரவுச் சீட்டில் எந்த விலைக்கு மாற்றினார்கள் என்பது அச்சிட்டிருக்கும். அச்சீட்டைப் பத்திரப்படுத்துக, வரிக் கணக்கிற்கும் அதுவே சான்று. பாஸ்டனில் 3,000 அனுப்பி இங்கே 2,980 வந்திருந்தால், அது விலையில் போனது அன்று. இடையிலுள்ள வங்கி எடுத்த கட்டணம். இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

அவள் மறுநாளே வங்கிக்குத் தொலைபேசியில் பேசினாள். பட்டியல் விலை 89.20 என்றிருந்த இடத்தில், கேட்டதும் 89.65 தந்தார்கள் என்று வைத்து நாங்கள் முன்பே கணக்கிட்டிருந்தோம்: 2,400 டாலருக்கு 1,080 ரூபாய் கூடுதல். உண்மையில் கிடைத்தது அதற்கு இரண்டு காசு குறைவு. நாள் பார்த்துக் காத்திருந்த இரண்டு மாதத்தில் அவள் ஈட்டாததை ஒரு தொலைபேசிப் பேச்சில் ஈட்டினாள்.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். கடைசி நாள் வரையில் காத்திருந்து மறந்துவிட்டால், வங்கி தானே மாற்றிவிடும். பட்டியல் விலைக்கே மாற்றும். எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்தத் திங்களின் இறுதி நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். வெள்ளிக்கிழமை மாலையே மாற்றிவிட்டார்கள். அவர் வங்கியைக் குறை கூறினார். விதியின்படி அவர்கள் செய்தது சரியே. ஆகையால் எல்லை நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது. மற்றொரு பொறி, கணக்கைத் திறந்துவிட்டால் வரும் டாலரெல்லாம் தானாக அங்கே போகும் என்று எண்ணுவது. வரும் பணத்தை டாலர் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று வங்கிக்கு எழுத்து மூலம் நிலையான கட்டளை தந்திராவிட்டால், வந்த அன்றே ரூபாயாகிவிடும். இணையத்தின் வழியாகப் பணம் பெற்றுத் தரும் இடைநிலையங்கள் பலவும் ரூபாயாக மட்டுமே கொண்டுவந்து சேர்க்கும். அவற்றின் வழியாகப் பெறுபவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி பயன்படாது.

கிழமைதோறும் சிறு தொகை பெறுபவர்கள் சிலர் நம் வாசகரில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சொல். கிழமைக்கு ஒரு இலட்சம் ரூபாய் மதிப்புள்ள டாலரை நான்கு முறை மாற்றினால் வரி 180 வீதம் 720 ரூபாய். நான்கையும் சேர்த்து ஒரே முறை மாற்றினால் 450. வேறுபாடு 270 ரூபாய். விலை கேட்கும்போதும் பெருந்தொகைக்கு வலிமை அதிகம். இதற்காகக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்; வீட்டுச் செலவிற்குக் கையில் ரூபாய் இருப்பவர் திங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் மகள் 4,800 டாலரையும் அந்தக் கிழமையே மாற்றினாள். அட்டை நிலுவை முழுவதும் தீர்ந்தது. இப்போது பன்னிரண்டாம் நாள் பணம் வந்ததும், மணிலாவிற்கு உரிய 600 டாலரோடு அடுத்த திங்களுக்கு உரிய 600 டாலரையும் ஒதுக்கி வைக்கிறாள். பாஸ்டனிலிருந்து பணம் தாமதித்தாலும் ஓவியருக்குத் தாமதமாகக் கூடாது என்பது அவள் எண்ணம். அடுத்த திங்கள் இறுதிக்குள் அது செலவாகிவிடுவதால் விதிக்கும் முரணில்லை. மீதியை இரண்டு, மூன்று நாளுக்குள் விலை கேட்டு மாற்றிவிடுகிறாள். சென்ற கிழமை பெர்லினிலிருந்து புதிய வேலை ஒன்று வந்திருக்கிறதாம், யூரோவில் தருவார்களாம். யூரோவில் அவளுக்கு எந்தச் செலவும் இல்லை. அதற்குத் தனிக் கணக்கு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வந்தவுடன் ரூபாயாக்கிவிடு, விலையை மட்டும் கேட்டுக்கொள் என்றேன்.